ஒரு சட்டை மட்டும்

என் மனைவி ஐறீன் வெளியே யாரிடமாவது ஒன்றைக் கேட்கப் போவதென்றால், முதலில் வீட்டில் என்னிடம் கேட்டுப் பழகிவிட்டுத்தான் போவாள். மகளைப் பாடசாலையில் சேர்க்க நான் அதிபராக இருந்திருக்கிறேன். வாடகையைக் கூட்ட வேண்டாம் என்று கேட்க வீட்டுக்காரராகவும் இருந்திருக்கிறேன். துறைமுகப் பண்டசாலையில் இறங்குகிற பெட்டிகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது எனக்குக் கிடைக்கிற உத்தியோகம் இதுதான். இந்த முறை நான் வெள்ளவத்தையில் ஒரு சாரிக்கடை முதலாளி.

நான் நல்ல முதலாளியாக இருக்கவில்லை என்பது ஐறீனின் முறைப்பாடு. அவள் இரண்டு வசனம் சொல்வதற்குள் நான் பத்துக் கேள்வி கேட்டேனாம். கேட்கத்தான் செய்தேன். வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கிறவன் என்ன, வாயைப் பொத்திக்கொண்டா இருப்பான்? "எனக்கு இதில என்ன லாபம்?" என்று கேட்டேன். "அத முதல்ல கேட்டதுக்கு நன்றி," என்றாள் அவள், கையில் இருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு.

ஐறீன் தையல்காரி. கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கிற வீட்டின் மேல்மாடி முன்னறையில் இரண்டு மெஷின் இருக்கின்றன. ஒன்றில் அவள் இருப்பாள், மற்றதில் அவளோடு வேலை செய்கிற மாக்ரெட். மாக்ரெட் நேராகத் தைப்பாள், ஆனால் துணியை வெட்டப் பயப்படுவாள். வெட்டுவது எப்போதும் ஐறீன்தான். தேவாலயத்தில் முதல் நன்மை வாங்குகிற பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு, கலியாணத் தோழிகளின் ஃப்ரொக், சாரிச் சட்டை என்று ஒரு காலத்தில் அந்த அறையில் மனிதர் உட்கார இடம் இருக்கவில்லை. இப்போது முதல் நன்மை உடுப்பையும் தைத்தே தொங்கவிட்டு விற்கிறார்கள். சாரிச் சட்டை ஒன்றைத்தான் இன்னும் ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் எங்கள் ஒழுங்கையைத் தேடிப்பிடித்து, செங்குத்தான படியில் மூச்சு வாங்க ஏறி வர ஆள் வேண்டுமே.

தையலறையின் வருமானம் படுத்துக்கொண்டே போனது. அந்த நேரத்தில்தான் டிலக்ஷி வந்தாள். கலியாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஐறீன் வத்தளையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்தவள். அவளுடைய முழங்கால் இரண்டையும் அங்கேதான் விட்டுவிட்டு வந்தாள். அப்போது அவளிடம் வேலை பழகிய சின்னப் பெண் டிலக்ஷி; இப்போது அங்கே மேற்பார்வையாளர். தைத்து முடிந்த உடுப்புகளைச் சரிபார்க்கிற இடத்தில் ஒரு வேலை காலியாம். நாள் முழுக்க நின்றுகொண்டு செய்கிற வேலை. "புதன்கிழமை காலம வாங்க அக்கா. வராட்டி வேற ஆளப் போட்டிருவாங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் ஐறீன் போனால் மேல்மாடி அறை மூடத்தான் வேண்டும். மாக்ரெட் எதை வெட்டித் தைப்பாள்?

"அம்பத்தினாலு வயசில திரும்பவும் அந்த வரிசையில போய் நிக்கவா?" என்று ஐறீன் கேட்டாள். நிற்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசை. சொல்வதற்குக் கையில் ஒன்றும் இல்லை.

வெள்ளவத்தை யோசனை அவளுக்கு மழையில் வந்தது. கொஞ்ச நாளுக்கு முன் சட்டைக்குப் பின்னால் வைக்கிற கொளுக்கியும் லைனிங் துணியும் வாங்க அந்தப் பக்கம் போனவள், காலி வீதியில் மழை பிடித்துக்கொள்ள ஒரு சாரிக்கடைக்குள் ஒதுங்கினாள். வெள்ளிக்கிழமை, கடை நிறைந்த சனம். வெளிநாட்டிலிருந்து கலியாணம் பேசவும் செய்யவும் வந்தவர்கள். ஒரு பெண் சாரியைத் தோளில் போட்டுப் பார்த்து, பிடித்து, பிறகு "சட்டை தைக்க எங்க குடுக்கிறது?" என்று கேட்டாளாம். முதலாளி வீதிப் பக்கம் கையைக் காட்டி, "அங்கால விசாரிச்சுப் பாருங்கோ," என்றாராம். அந்தப் பெண் சாரியை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். மழை விடுவதற்குள் இன்னொருத்தியும் அதே கேள்வியைக் கேட்டு, அதே கையைப் பார்த்து, அதே மாதிரிப் போனாள். ஐறீன் நனைந்த குடையோடு வீட்டுக்கு வந்து, "அந்த மனுசன் வாற சனத்தைத் தன்ர கையாலயே வெளியில காட்டி அனுப்புறார்," என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் முதலாளி ஆனேன்.

அவள் சொல்லப் பழகியது இதுதான். சட்டை தைக்க ஆள் உண்டு என்று தெரிந்தால் சாரியை வைத்துவிட்டுப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். அது மட்டும் இல்லை: சட்டைக்கு அளவு கொடுக்க ஒரு தரம், போட்டுப் பார்க்க ஒரு தரம், தைத்ததை எடுக்க ஒரு தரம் என்று அவர்கள் திரும்பத் திரும்ப அதே கடைக்கு வர வேண்டும். சாரிக்கடைக்குள் வந்த பெண் வெறுங்கையோடு திரும்பிப் போவாளா? ஐறீனுக்கோ வெள்ளவத்தையில் ஒரு மூலை கூட எடுக்க வசதியில்லை. ஆனால் அங்கே வருகிற சனம் வேண்டும். தையற்கூலியை வாடிக்கைக்காரர் அவளுக்கே கொடுப்பார்கள், சாரியின் விலை முதலாளிக்கு. ஒருவருடைய கையில் இருந்து மற்றவர் எதையும் எடுப்பதில்லை.

"சரி, எங்க இருந்து அளவெடுப்பாய்? என்ர கடையில உனக்கு மேசை போட்டுத் தரட்டோ?" என்று நான் முதலாளியாக உறுமினேன்.

"மேசையும் வேணாம், போர்டும் வேணாம். முதல்ல ஒரே ஒரு சட்டை. உங்கட மனிசிக்கு. அது பிடிச்சா மாத்திரம் மற்றதக் கதைப்பம்."

ஒரு சட்டையைக் கேட்கவா இத்தனை ஒத்திகை என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கேட்பதுதான் கேட்கிறாய், கிழமையில் இரண்டு நாள் என்று கேளேன் என்றேன். ஐறீன் தலையை ஆட்டினாள். பெரிதாகக் கேட்டால் அவர்கள் பெரிதாக யோசிப்பார்கள், யோசித்தால் இல்லை என்றுதான் வரும் என்றாள். ஒரு சட்டைக்கு இல்லை என்று சொல்ல மனிதருக்கு வெட்கமாக இருக்குமாம்.

எப்போது போவது என்பதில் எங்களுக்கு வாதமே இல்லை. செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடை அந்தோனியாரின் நாள். எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் செவ்வாயில்தான் தொடங்கும். மெஷின் வாங்கியதும் செவ்வாயில், மகளின் கலியாணப் பேச்சை எடுத்ததும் செவ்வாயில். டிலக்ஷி சொன்ன புதன் அடுத்த நாள் என்பது தெரியும். என்றாலும் கடைசி நாள் செவ்வாயாக அமைந்ததே அந்தோனியார் செயல் என்று ஐறீன் சொன்னாள். நானும் ஆமாம் போட்டேன்.

மத்தியானம் கோவிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு அங்கிருந்தே கிளம்பினோம். கோட்டை வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து காலி வீதியில் இன்னொன்று. இரண்டிலும் இருக்க இடம் கிடைக்கவில்லை. ஐறீன் ஒரு கையில் மாதிரிச் சட்டைகள் வைத்த பையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை மாற்றி மாற்றி நின்றாள். வெள்ளவத்தையில் இறங்கும்போது மூன்று மணி தாண்டிவிட்டது.

கடை வெறிச்சோடி இருந்தது. மழை நாளில் ஐறீன் பார்த்த சனத்தை நினைத்துக்கொண்டு வந்த எங்களுக்கு அது அதிர்ஷ்டமாகத்தான் பட்டது, ஆற அமரப் பேசலாம். முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா, அறுபது வயது மதிக்கலாம், நெற்றி நிறைய திருநீறு, காசு மேசைக்குப் பின்னால் இருந்தார். அவருடைய மனைவி சுபாஷினி விரித்துக் காட்டிய சாரிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஐறீன் யார், என்ன என்று சொன்னதும் முதலாளி இரண்டு கதிரை போடச் சொன்னார். அந்த மனிதரும் களைத்துத்தான் இருந்தார். வாசலைப் பார்த்துப் பார்த்தே களைத்த முகம்.

ஐறீன் பழகியபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நான் கேட்ட பத்துக் கேள்வியில் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் அவமானமாக இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார், இடைக்கிடை எங்கள் தலைக்கு மேலே இருந்த சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு தரம் இல்லை, பல தரம். எப்போது எழும்பிப் போவார்கள் என்று பார்க்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. கடையில் ஈ ஓட்டுகிற மனிதருக்கு என்ன அவசரம்?

பிறகு அவர் ஒரு பழைய கதையைச் சொன்னார். முன்பு ஒரு தையல்காரரை வாடிக்கைக்காரருக்குக் காட்டிவிட்டவராம். அந்த ஆள் ஒரு மணப்பெண்ணின் கூறைச் சாரியோடு வந்த சட்டைத் துணியைக் கழுத்தில் ஆழமாக வெட்டிவிட்டான். அதே துணிக்கு வேறு எங்கே போவது? பெண் வீட்டார் தையல்காரனிடம் போகவில்லை, நேராக இந்தக் கடைக்கு வந்து வாசலில் நின்று கத்தினார்கள். "வழி காட்டின பாவத்துக்கு நான் பேச்சு வாங்கினனான். அதுக்குப் பிறகு எனக்குச் சட்டை எண்டாலே பயம்," என்றார்.

அப்போதுதான் அந்தக் கை ஏன் வீதியைக் காட்டியது என்று எங்களுக்கு விளங்கியது. இதற்கு வீட்டில் ஒத்திகை பார்க்கவில்லை. ஐறீன் பையை மடியில் தூக்கி வைத்தாள். அதைத் திறந்து, ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த சட்டைகளுக்கு அடியில் இருந்து வெறும் லைனிங் துணியில் நூலோட்டிய ஒரு சட்டையை எடுத்தாள்.

எடுத்த எடுப்பில் பட்டில் கை வைப்பதில்லை என்று சொன்னாள். லைனிங் துணியைத் தண்ணீரில் போட்டு எடுத்துக் காயவைத்து, அதை முதலில் வெட்டி, கையால் நூலோட்டி, ஆளுக்குப் போட்டுப் பார்ப்பாள். கழுத்து, கை, தோள் எல்லாம் அந்த வெள்ளைத் துணியில் சரிவந்த பிறகுதான் அதைப் பட்டின் மேல் வைத்து வெட்டுவாள். லைனிங்கில் பிழைத்தால் அவளுடைய துணி போகும், வேறொன்றும் போகாது. பக்கத் தையலுக்குள் துணியை மிச்சம் விடுவாள், பிறகு உடம்பு வைத்தால் பிரித்துவிடலாம். சுபாஷினி எழும்பி வந்து அந்தச் சட்டையை உட்பக்கம் திருப்பிப் பார்த்தார். விரலால் தையலைத் தடவிப் பார்த்தார்.

"அதுக்குப் பிறகும் பிழைச்சா?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"பிழைக்காது எண்டு பொய் சொல்ல மாட்டன் ஐயா. பிழைச்சா இந்த வாசலுக்கு வாற பேச்சுக்கு நான் முன்னுக்கு நிப்பன். உங்கள நிக்க விட மாட்டன்."

அந்த நேரம் பார்த்து ஒரு தாயும் மகளும் உள்ளே வந்தார்கள். கனடாவில் இருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய சப்பாத்திலேயே தெரிந்தது. நீலத்தில் ஒரு சாரியை மகளுக்குப் பிடித்துவிட்டது. தாய் கேட்டார்: அடுத்த கிழமை போய்விடுவோம், அதற்குள் சட்டை தைக்க யாராவது இருக்கிறார்களா? ஸ்ரீஸ்கந்தராசாவின் கை பாதி உயர்ந்தது. எங்களைப் பார்த்து மேசையில் இறங்கியது. "இங்க இல்லை அம்மா," என்றார். அவர்கள் போனார்கள். நீலச் சாரி விரித்தபடி கிடந்தது.

பார்த்தீரா ஐயா என்று கேட்க என் வாய் திறந்துவிட்டது. ஐறீன் என் காலைத் தன் செருப்பால் அழுத்தினாள். அவள் அந்தச் சாரியையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை, குனிந்து நூலோட்டிய சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். எரிகிற வீட்டில் பிடுங்குகிற பழக்கம் அவளுக்கு எப்போதும் இல்லை.

கடைசியாகக் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "அக்காட அளவுச் சட்டை ஒண்டும், ஒரு சட்டைத் துணியும் இண்டைக்குத் தந்தீங்க எண்டா கொண்டு போறன். அது மட்டும் போதும்."

சுபாஷினி உள்ளே போகத் திரும்பினார். ஸ்ரீஸ்கந்தராசா மணிக்கூட்டைப் பார்த்தார். "நில்லும்," என்றார் மனைவியிடம். பிறகு எங்களிடம், "பாப்பம்," என்றார். தையலறையின் தொலைபேசி எண் அச்சடித்த அட்டை ஒன்றை ஐறீன் கொடுத்தாள். அதை வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். தேத்தண்ணீர் கூடத் தரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஐறீனுக்கு மட்டும் இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த மனிதரைத் திட்டினேன். மணிக்கூடு பார்த்ததையும் திட்டினேன், தேத்தண்ணீரையும் திட்டினேன். ஐறீன் யன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். "விடுங்க," என்றாள். "பாப்பம் எண்டா என்ன எண்டு இந்த ஊரில பிறந்த எனக்குத் தெரியாதா? ஒரு சட்டை கேட்டன். அதுக்கே பாப்பம்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து டிலக்ஷிக்குக் கோல் எடுத்து, வருகிறேன் என்றாள். மாக்ரெட்டைக் கூப்பிட்டு, கையில் இருக்கிற இரண்டு உடுப்பையும் முடித்துவிட்டு வேறு இடம் பார்க்கச் சொன்னாள். மாக்ரெட் மெஷினைத் துணியால் மூடினாள்.

புதன்கிழமை விடிய ஐறீன் நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் வத்தளைக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன். வாசற்படியில் அவள் பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக இறங்கினாள்.

ஒன்பதரை போல மேல்மாடியில் தொலைபேசி அடித்தது. ஏறிப் போய் எடுத்தேன். ஸ்ரீஸ்கந்தராசா.

"அம்மா இருக்கிறாவோ? அளவெடுக்க வரச் சொல்லுங்கோ. பன்னிரண்டு மணிக்கு முதல் வந்தா நல்லது. பின்னேரம் நாங்கள் ஒரு கலியாண வீட்டுக்குப் போறம்."

நேற்று மாட்டேன் என்றீர்களே என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"நான் எப்ப மாட்டன் எண்டு சொன்னனான்? நேற்றுச் செவ்வாய். அதுவும் நீங்கள் வந்து இருந்தது ராகு காலம். அந்த நேரத்தில ஒரு புதுக் காரியத்துக்கு ஓம் எண்டு சொல்லி, துணியும் எடுத்துக் குடுக்கலாமே? நாலரை வரைக்கும் இருப்பீங்கள் எண்டு மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து இருந்தனான். நீங்கள் எழும்பிப் போயிட்டீங்கள். செவ்வாய்க்கிழமை எண்டபடியா நானும் மறிக்கேல்லை. இண்டைக்குப் புதன். ஓம் எண்டு சொல்லத்தான் எடுத்தனான்."

வரச் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரில் கலண்டரைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கலண்டரில் புனிதர்களின் பெயர் இருக்கும், ராகு காலம் இருக்காது. அக்கம்பக்கத்தில் எத்தனை சைவக்காரர், எத்தனை கலியாணத்துக்கு நாள் பார்ப்பதைக் கண்டிருக்கிறோம். ஒரு கடை முதலாளியைப் பார்க்கப் போகும்போது அது நினைவுக்கு வரவில்லையே. எங்களுக்குத் தொடங்குகிற நாள் அவருக்குத் தொடங்கவே கூடாத நாள். இதில் இன்னொன்று, அவரும் செவ்வாயில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் வருகிறவர்தானாம். கும்பிடச் செவ்வாய், தொடங்கப் புதன். நல்ல மனிதர்தான், வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

ஐறீனின் கைத்தொலைபேசிக்கு எடுத்துப் பார்த்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, வேலைக்குப் போகிறவர்கள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று பிறகுதான் நினைவு வந்தது. சேர்ட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தொழிற்சாலை வாசலில் காவலாளி உள்ளே விட மாட்டேன் என்றான். எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாவற்றையும் அவன் மேல் கொட்டினேன். வீட்டில் ஒரு அவசரம் என்று மட்டும்தான் அவனுக்கு விளங்கியிருக்கும். உள்ளே சொல்லி அனுப்பினான்.

ஐறீன் முகம் வெளுத்து வந்தாள், பின்னால் டிலக்ஷி. தலையில் தொப்பி, மேலே நீல அங்கி. யாருக்கு என்ன என்று கேட்டாள். யாருக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லி, முதலாளி சொன்னதைச் சொன்னேன். ராகு காலத்தையும் சொன்னேன்.

அவள் வாசல் மதிலில் கையை ஊன்றினாள். "எத்தின சட்டையாம்?"

"ஒண்டு."

"ஒண்டுதானே கேட்டனான்," என்றாள்.

அவருக்குச் சுகமாக இருக்கட்டும் என்றுதான் அவ்வளவு சின்னதாகக் கேட்டாள். அவருக்கு அது ஒரு சட்டை. பிடிக்காவிட்டால் மடித்து அலுமாரியில் வைத்துவிடுவார். எங்களுக்கோ அந்த ஒரு சட்டைக்கு ஒரு நிச்சயமான சம்பளத்தை விட வேண்டும். டிலக்ஷி மறைக்காமல் சொன்னாள்: "அக்கா, முதல் நாளே இடையில போனீங்க எண்டா இந்த இடம் உங்களுக்கு இருக்காது. நான் நினைச்சாலும் ஏலாது."

நான் கோழை. நீ நில், நான் போய் அளவுச் சட்டையையும் துணியையும் வாங்கிக்கொண்டு வருகிறேன், இரவில் தைக்கலாம் என்று சொன்னேன்.

"பகல் முழுக்க இங்க நிண்டிட்டு ராவில நான் அத வெட்டவா?" ஐறீன் என்னை முறைத்தாள். கோபத்தை விடக் களைப்புத்தான் அந்தக் கண்ணில் இருந்தது. "இந்தக் கையும் கண்ணும் ஒரு வேலைக்குத்தான் காணும். ரெண்டுக்கும் காணாது." பிறகு தொப்பியைக் கழற்றி, அங்கியையும் கழற்றி, ஒழுங்காக மடித்து டிலக்ஷியின் கையில் கொடுத்தாள். "கோவிக்காத மகள்," என்றாள். டிலக்ஷி கோபிக்கவில்லை. உள்ளே போய் ஐறீனின் பையையும் தொலைபேசியையும் எடுத்துவந்து கொடுத்தாள்.

நான் பஸ் தரிப்பிடத்தைப் பார்த்து நடந்தேன். ஐறீன் அசையவில்லை. "ஓட்டோ பிடிங்க," என்றாள். "வெள்ளவத்தை வரைக்கும் ஓட்டோ." எங்கள் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் நாங்கள் ஓட்டோவில் போனதில்லை.

களனி ஆற்றுப் பாலத்தில் நெரிசல். வெயில் ஓட்டோவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. "சரிவராட்டி என்ன செய்யிறது?" என்று அவள் கேட்டாள். முதலாளியாக இருந்தபோது எதற்கும் என்னிடம் கேள்வி இருந்தது. இப்போது இருந்தது ஒரே ஒரு பதில். சரிவரும் என்றேன். "அத நீங்க சொல்லி என்ன, அந்த அக்கா சொல்லோணுமே," என்றாள்.

பன்னிரண்டுக்கு முன் போய்விட்டோம். சுபாஷினி மெல்லிய மஞ்சள் பட்டில் ஒரு சட்டைத் துணியும், கையடியில் இறுக்கிப் பிடிக்கிற ஒரு பழைய சட்டையும் எடுத்து வைத்திருந்தார். கையைத் தூக்கினால் தன் சட்டைகள் எல்லாம் மேலே ஏறிவிடும் என்று ஒரு குறை சொன்னார். சாரி எடுத்துக் காட்டுவதே தொழில். நாள் முழுக்கக் கை மேலே தட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஐறீன் பழைய சட்டையை மட்டும் நம்பாமல் ஆளையும் அளந்தாள். கையை இறக்கியும் அளந்தாள், தூக்கியும் அளந்தாள். ஸ்ரீஸ்கந்தராசா இந்த முறை மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. தேத்தண்ணீரும் வந்தது.

அந்தக் கிழமை எங்கள் வீட்டில் சிரிப்பே இல்லை. நாலு வெட்டில் முடிகிற லைனிங்கை ஐறீன் இரண்டு தரம் வெட்டினாள். முதலாவது கை அவளுக்குப் பிடிக்கவில்லை. மாக்ரெட் திரும்ப வந்து பக்கத்தில் இருந்தாள். நான் கீழே இருந்து மெஷின் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த புதன் நூலோட்டிய லைனிங்கோடும் வெட்டாத பட்டோடும் போனோம். சுபாஷினி திரைக்குப் பின்னால் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் வந்து நின்றார். ஐறீன் குண்டூசியை உதட்டில் பிடித்துக்கொண்டு தோளில் ஒரு நூல் அளவு உள்ளே பிடித்தாள். சுபாஷினி மெதுவாகக் கையைத் தூக்கினார், பிறகு எட்டி மேல் தட்டில் இருந்த ஒரு சாரியை இழுத்தார். இறக்கினார். இன்னொரு தரம் தூக்கினார்.

"எப்படி?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"ஏறேல்லை," என்றார் சுபாஷினி. "பட்டை வெட்டச் சொல்லுங்கோ."

அந்த நேரம் காசு மேசையில் இருந்த தொலைபேசி அடித்தது. யாரோ மணப்பெண்ணின் தாயாக இருக்க வேண்டும், கூறை பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டிருக்கிறார். ஸ்ரீஸ்கந்தராசா நேரம் சொன்னார். அந்தப் பக்கம் இன்னொன்றைக் கேட்டார்கள். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. "சட்டைக்கு நீங்கள் அலைய வேண்டாம் அம்மா. புதன்கிழமையில வாங்கோ. எங்கட ஆள் இருப்பா," என்றார்.

ஐறீனின் கை நின்றது. பிறகு குண்டூசியைக் குத்தினாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. கொள்ளுப்பிட்டி வரைக்கும் நான் சந்தோசத்தில் ஏதேதோ உளறிக்கொண்டு வந்தேன்.

"எங்கட ஆள் எண்டு சொன்னார், கேட்டீங்களா?" என்றாள்.

கேட்டேன் என்றேன்.

"அப்ப இனிப் பிழை விட ஏலாது," என்று சொல்லிவிட்டு, மஞ்சள் பட்டு இருந்த பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.